எட்டில் ஊன்றிய கால்

எல்எல்ஆர் என்னும் பழகுநர் உரிமம் காலாவதியாக ஒன்பது நாள் இருக்கையில் எனக்கு ஓட்டுநர் தேர்வு வந்தது. பாப்பாரப்பட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வர ஆள் வேண்டும் என்றபோது கை தூக்கினேன். எல்எல்ஆர் முடிவதற்குள் உரிமம் கொண்டுவந்தால் அந்த வேலை எனக்கு. இல்லையென்றால் வேறு ஆளுக்கு, எனக்குப் பழையபடி பின்னறையில் குழாய் கழுவுவது. முதலாளி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எல்எல்ஆருக்கான கணினித் தேர்வில் சாலைக் குறிகளைக் கேட்டார்கள். அது எனக்கு எளிது. வட்டத்துக்குள் இருப்பது கட்டளை, முக்கோணத்துக்குள் இருப்பது எச்சரிக்கை என்று நாட்குறிப்பில் படமே வரைந்து வைத்திருந்தேன். கைச் சைகைகளை அடுப்படியில் பழகினேன். இடது கையில் கரண்டி. வலது கையை நேராக நீட்டினால் வலப்புறம் திரும்புகிறேன். நீட்டிய கையைக் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழற்றினால் இடப்புறம். உள்ளங்கையைக் கீழே காட்டி மேலும் கீழும் அசைத்தால் வேகம் குறைக்கிறேன். முழங்கையை மடக்கிக் கையை மேலே தூக்கினால் நிற்கிறேன். குழம்பு இரண்டு முறை அடிப்பிடித்தது.

ஸ்கூட்டரில் எட்டு போடுவதுதான் பெரும்பாடு. நெற்களத்தில் கோலமாவால் எட்டு வரைந்தேன். கோழிகள் மேல்வளைவைத் தின்றுவிட்டன. சுண்ணாம்புக்கு மாறினேன். கணவர் ஓசூரில் வேலை பார்ப்பதால் வீட்டில் உரிமம் உள்ளவர் மாமனார் மட்டுமே. எல்எல்ஆர் வைத்திருப்பவருடன் உரிமம் உள்ளவர் இருக்க வேண்டும் என்பதால், அவர் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு கற்றுக்கொடுத்தார்.

“முன்சக்கரத்தையே பாக்காதம்மா. அது எங்கயும் ஓடிப்போவாது. போற வளைவைப் பாரு.”

ஆக்சிலேட்டரை ஒரே அளவில் பிடித்து, பின்பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே போனால் வண்டி தள்ளாடாது. மூன்றாம் வாரம் எனக்கு அது பிடிபட்டது.

தேர்வன்று எனக்கு முன்னால் பதினோரு பேர். யார் எதனால் தோற்றார்கள் என்று குறித்துக்கொண்டேன். ஹெல்மெட்டை வண்டியின் கொக்கியில் மாட்டி வந்தவரை ஆய்வாளர் தடத்துக்குள்ளேயே விடவில்லை. இரண்டு பேர் வளைவில் பயந்து காலை ஊன்றினார்கள். ஒருவர் சக்கரத்தைப் பார்த்தபடியே போய்க் கோட்டைத் தாண்டினார். கல்லூரிப் பையன் ஒருவன் எட்டை அழகாகப் போட்டான். ஆனால் சாலையில் இடப்புறம் திரும்பி முடித்த பிறகும் இண்டிகேட்டரை அணைக்கவே இல்லை.

“தம்பி, ஊருக்கே இடப்பக்கம் போறன்னு சொல்லிட்டு நேரா போறீங்களே,” என்று ஆய்வாளர் அவனைத் திருப்பி அனுப்பினார்.

என் முறை. முதல் வளைவு சுத்தம். இரண்டாம் வளைவில் திரும்பினால் எதிரே, தடத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றோரம் மாமனார் நிற்கிறார். எங்கள் ஊரில் மாமனார் எதிரே வந்தால் மருமகள் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பாள். இருபத்திரண்டு வருடப் பழக்கம். என் கால் என்னைக் கேட்கவில்லை. இறங்கித் தரையில் ஊன்றி நின்றது. கை முந்தானையைத் தேடியது. நல்லவேளை, சுடிதார் போட்டிருந்தேன்.

“ஏம்மா, நல்லாத்தானே வந்தீங்க. எதுக்குக் காலை ஊனுனீங்க?”

“மாமா நிக்கறாருங்க சார்.”

ஆய்வாளர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அதுக்கு ஃபாரத்துல கட்டம் இல்லீங்களே. ஏழு நாள் கழிச்சு வாங்க.”

ஏழு நாளுக்குப் பிறகு ஒரே ஒரு வாய்ப்புதான். அதுவும் போனால் மறுபடி எல்எல்ஆரிலிருந்து தொடங்க வேண்டும், அந்தப் புது வேலை போய்விடும். களத்தில் அவர் எனக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்ததால் இந்தச் சங்கடம் இருவருக்குமே தெரியாமல் போனது. வீட்டுக்கு வந்ததும் களத்தின் நடுவே அவரை நிறுத்தி, சுற்றி ஓட்டிப் பார்த்தேன். நான்கு முறை போனேன், நான்கு முறையும் கால் ஊன்றிற்று.

“நான் என்ன சிக்னலா, என்னைப் பாத்ததும் நிக்கற?” என்று கேட்டுவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

ஏழாம் நாளும் நான் வண்டி ஓட்ட அவர் பின்னால் உட்கார்ந்துதான் வந்தார். வேறு வழியில்லை. என் பெயரைக் கூப்பிட்டதும் அவர் சுற்றுச்சுவர் வரை நடந்தார். முதுகை எங்கள் பக்கம் காட்டி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

“யாருங்க அது, கோச்சிக்கிட்டு நிக்கறாரு?” என்றார் ஆய்வாளர்.

“மாமாங்க.”

“அப்படியே நிக்கட்டும். நீங்க போங்க.”

எட்டை இரண்டு சுற்றுப் போட்டேன். வளைவில் அவர் முதுகும் தலைத் துண்டும் மட்டும் தெரிந்தன. முதுகுக்கு மரியாதை செய்யச் சொல்லி என் கால்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. சாலையில் கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, திரும்பி முடித்து, அணைத்தேன். கைச் சைகை கேட்டார், ஒவ்வொன்றாகக் காட்டினேன். ஆய்வாளர் பாஸ் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

வண்டியைச் சுவரோரம் கொண்டுபோனேன். அவர் இன்னும் அசையவில்லை.

“முடிஞ்சுதாம்மா? திரும்பலாமா?”

“பாஸ் மாமா. இருங்க, இன்னும் வண்டி மேலதான் உக்காந்திருக்கறன்.”

இறங்கி, ஸ்டாண்டு போட்டு, சாவியை எடுத்து, ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

“இப்பத் திரும்புங்க.”