செல்லையா நெரை மாறிய காலை

கவ்வாத்து வெட்டிய தேயிலை மலைக்கு ஒரு வாசம் உண்டு. பச்சைக் குச்சியின் கறை வாசமும் அடியில் மக்கிக் கிடந்த இலையின் ஈர வாசமும் கலந்து, வெயில் ஏற ஏற மூக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். என் பதினெட்டு, பத்தொன்பது வயதை நினைத்தால் முதலில் வருவது அந்த வாசம்தான். அதன் பின்னால் வருவது, இடது பக்கத்தில் குனிந்து கத்தி வீசிக்கொண்டிருக்கும் செல்லையாவின் முதுகு.

இலங்கையில் பதுளைப் பக்கம், ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடுகளில், எதிரெதிரே பிறந்தவர்கள் நாங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அவன் எட்டு வரை போனான். சின்னதிலிருந்தே எனக்குப் பயம் அதிகம். மழை பெய்தால் மண் சரியும் என்று பயம், பெய்யாவிட்டால் வேலை நிற்கும் என்று பயம்; லயத்தில் என் பேரே 'பதறல்'. அதைச் சொல்லிச் சிரிக்காதவன் செல்லையா ஒருவன்தான் என்று எழுத நினைத்தேன், அது பொய். அவன்தான் அதிகம் சிரித்தான். "மச்சான், நீ செத்தாக்கூட பொட்டிய ஒழுங்கா மூடியிருக்கான்னு எந்திரிச்சுப் பாப்படா" என்பான். ஆனால் அவன் சிரித்தால் பயம் பாதியாகிவிடும்.

கவ்வாத்தில் ஆளுக்கு ஒரு வரிசைச் செடி. அதை 'நெரை' என்போம். காலையில் 'பெரட்டு'க் களத்தில் பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்பும்போதே யார் பக்கத்தில் யார் என்பது தீர்ந்துவிடும். கூட்டாளிகள் பக்கத்துப் பக்கத்து நெரையாகப் பிடிப்பார்கள். ஒருவன் பின்தங்கினால் மற்றவன் தன் நெரையை முடித்துவிட்டு, இவனுடைய நெரையின் மறுகோடியிலிருந்து வெட்டிக்கொண்டு வந்து நடுவில் சந்திப்பான். அப்படி எனக்காக அவன் எத்தனை நாள் எதிரே வெட்டிக்கொண்டு வந்திருப்பான் என்று கணக்கில்லை. என் கை அவ்வளவு மெதுவு.

அந்தப் பேச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில் நடந்தது. பதுளைக்குப் போய்விட்டு நடந்து திரும்பும்போது, ரோட்டோர மதகில் உட்கார்ந்து, கடலைச் சுருளை நடுவில் வைத்துத் தின்றுகொண்டிருந்தோம். செல்லையா தொண்டையைச் செருமிக்கொண்டு, "லெச்சுமிய ஒனக்குக் குடுக்கலாம்னு வீட்டுல பேச்சு. நாந்தான் ஆரம்பிச்சேன். வாயால மச்சான்னு கூப்பிட்டது போதும்டா, இனி மொறையாவே மச்சானாயிரு" என்றான்.

எங்கள் பக்கத்தில் ஒருவன் தன் கூட்டாளிக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை அது. தங்கச்சியைக் கொடுப்பது என்றால் தன் வீட்டையே கொடுப்பது மாதிரி. அதைச் சும்மா வேண்டாம் என்று சொல்ல முடியாது. காரணம் சொல்லாமல் மறுத்தால் அந்தக் காரணம் பெண்ணின் தலையில் போய் விழும், 'என்ன குறை கண்டான்' என்று லயம் முழுக்கக் கேட்கும். என் அக்காவுக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை என்று தள்ளிப்போட்டிருக்கலாம். தள்ளிப்போட்டால் அந்தப் பிள்ளை காத்துக்கொண்டிருக்கும். எனக்கு வேறு வழி தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் மூன்று பேருக்கும் நல்லது என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான், செல்லையாவுக்கு மட்டும் பயப்பட வேண்டும் என்று நினைக்கவே இல்லை.

"எனக்குப் பொண்ணுங்க மேல அந்த ஆச வரலடா. வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து வரல. ஆம்பளைங்க மேலதான் வருது. லெச்சுமியக் கட்டுனா அது நான் அவளுக்குச் செய்யிற பாவம்."

முதலில் சிரித்தான். "வெளையாடாத." பிறகு என் முகத்தைப் பார்த்தான். கடலை தின்பது நின்றுவிட்டது. "என் மேலயுமா?" என்று கேட்டான்.

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இவ்வளவு உண்மையைச் சொன்ன வாயால் இதையும் சரியாகச் சொல்ல வேண்டும் என்று யோசித்தேன். பதினைந்து வயதில் ஒரு மழைக்காலம் முழுக்க எனக்கு அவன்மேல் அப்படி ஒன்று இருந்ததும், காய்ச்சல் மாதிரி அது விட்டுப்போய்க் கூட்டாளித்தனம் மட்டும் நின்றதும் உண்மைதான். அதைச் சொல்வதா, விடுவதா? நாலு எண்ணுகிற நேரம் இருக்குமா? "இல்லடா" என்று நான் சொன்னபோது, அவன் கண் என்னை விட்டு ரோட்டுக்குப் போயிருந்தது.

"அப்ப ஒரே கம்பளியில படுத்தது? பீலியில முதுகு தேச்சது?"

"அதெல்லாம் எப்படி இருந்துச்சோ அப்படித்தான்டா. ஒண்ணும் மாறல."

"எனக்கு மாறிப்போச்சே" என்று எழுந்தான். லயம் வரை எனக்குப் பத்து அடி முன்னாலேயே நடந்தான்.

மறுநாள் பெரட்டில், "கங்காணி, என்னைய மேல் கோடிக்குப் போடுங்க" என்று அவன் கேட்பது என் காதில் விழுந்தது. கங்காணிக்கு வாய் சும்மா இருக்காது. "ஏன்டா, புருசன் பொண்டாட்டி மாதிரி ஒட்டிக்கிட்டுக் கெடந்தீங்க, இன்னிக்கு என்ன தீத்துக்கிட்டீங்களா?" களமே சிரித்தது. முந்தின நாளாக இருந்தால் செல்லையாவும் சேர்ந்து சிரித்து, 'ஆமா, ஜீவனாம்சம் வாங்கிக் குடுங்க' என்று ஏதாவது திருப்பியிருப்பான். அன்று அவன் முகம் கறுத்தது. ஒன்றும் தெரியாமல் சொன்ன ஒரு கேலிதான் எங்களுக்கிடையில் கடைசிக் கல்லை வைத்தது என்று எனக்கு அன்றே தெரிந்தது. அன்று என் நெரைதான் கடைசியாக முடிந்தது. எதிரே யாரும் வெட்டிக்கொண்டு வரவில்லை.

அவன் என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை. அப்படிச் செய்திருந்தால் சண்டை என்று பேர் வைத்திருக்கலாம். மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்கு நான் குளிக்கப் போனால், முதுகுச் சவுக்காரத்தைக்கூடக் கழுவாமல் துண்டை எடுத்துக்கொண்டு போய்விடுவான். கோயிலில் நான் நின்ற பக்கம் பிரசாதத் தட்டு வருமுன் வெளியேறுவான். லயத்தார் ஆளுக்கொரு காரணம் கட்டினார்கள்: ஒரே பெண்ணை இரண்டு பேரும் பார்த்தார்களாம், தொழிற்சங்கத் தகராறாம். திருவிழா அன்று கங்காணி எங்கள் இருவர் கையையும் பிடித்து ஒன்றாக வைத்து, "ஒரே தட்டுல தின்னவனுங்க, பேசுங்கடா" என்றார். அவன் கை சில்லென்று இருந்தது. கங்காணி அந்தப் பக்கம் திரும்பியதும் வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

முதல் மாதங்களில் எனக்குத் துக்கமே தெரியவில்லை, பயம்தான். எங்கே இரண்டு பேர் சிரித்தாலும் என்னைப் பற்றித்தான் என்று வழி மாறிப் போவேன். இன்றைக்குத் தெரிந்துவிடும், நாளைக்குத் தெரிந்துவிடும் என்று காத்திருந்தேன். ஆறு மாதமாயிற்று, ஒருவர் வாயிலும் வரவில்லை. செல்லையா யாரிடமும் சொல்லவில்லை என்று விளங்கியபோது பயம் வடிந்தது. வடிந்த இடத்தில்தான் துக்கம் தெரிந்தது. என்னை விட்டுக்கொடுக்காதவனை வெறுக்கவும் முடியவில்லை. அந்த நாலு எண்ணும் நேரத்தை மனதுக்குள் எத்தனை ஆயிரம் தடவை திருத்திச் சொல்லிப் பார்த்திருப்பேன்! ஒவ்வொரு தடவையும் உடனே 'இல்லடா' என்பேன், அவன் சிரிப்பான், கடலை தின்போம். அப்புறம் மலைக்குப் போனால் மேல் கோடியில் அவன் முதுகு தெரியும்.

செத்த வீடென்றால் பாடை கட்ட ஆள் வரும், பதினாறாம் நாள் கருமாதி வரும், ஊர் வந்து உட்காரும். உயிரோடிருப்பவனுக்கு எந்த வீட்டில் போய் அழுவது? சோறு இறங்கவில்லை. அக்கா பாக்கியம், கொழுந்தெடுத்துத் திரும்பிய ஒரு சாயந்திரம், கூடையை இறக்கிவைத்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்தாள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கு அவள்தான். "சொல்லு. இல்லாட்டி நானே செல்லையா வீட்டுல போயி கேக்கறேன்" என்றாள். அவள் கேட்டாலும் கேட்பாள். சொன்னேன். வாய் திக்கித் திக்கி, அதே வார்த்தைகளை இரண்டாவது தடவையாகச் சொன்னேன்.

அக்கா கொஞ்ச நேரம் கால் விரலில் கடித்திருந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். "எனக்கு இதெல்லாம் வெளங்கல," என்றாள். "ஆனா ஒண்ணு. அவன் போயிட்டான்னு அழு, அது நாயம். நான் ஏன் இப்படி இருக்கேன்னு அழுவாத. ரெண்டையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டுனா எதுவும் வேகாது." பிறகு, "லெச்சுமிய ஏமாத்தாம விட்டியே, அதுக்கே ஒனக்கு ஒரு கும்புடு போடணும். பதறல்னு ஒனக்கு எவன்டா பேரு வச்சான்?" என்றாள்.

அன்றைக்குப் பிறகு சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. அழுகை வரும்போதெல்லாம், இது எந்தச் சட்டி என்று கேட்கப் பழகினேன். அவனுக்கான அழுகை மெல்ல மெல்லத் தனியாகப் பிரிந்தது. அது சுத்தமான வலியாக இருந்தது, தாங்கலாம் போல் இருந்தது.

இரண்டு வருடம் கழித்து குடியுரிமை ஒப்பந்தப்படி அவர்கள் குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போக உத்தரவு வந்தது. அந்தக் காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏறுகிறவர்களை வழியனுப்ப லயமே பதுளை ஸ்டேஷனுக்கு வரும். போனவர் திரும்புவதில்லை என்பதால் அங்கே எழவு வீட்டு வழக்கம்தான்: பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள், போகிறவர் ஒவ்வொருவரையாக வந்து கட்டிக்கொண்டு விடைபெறுவார். செல்லையா வரிசையாக வந்தான். கங்காணியைக் கட்டிக்கொண்டான். அக்காவின் காலைத் தொட்டான். என் முன்னால் வந்து நின்று, இரண்டு கையையும் கூப்பி, தோட்டத்துத் துரைக்கு வைப்பது மாதிரி ஒரு கும்பிடு வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டான்.

ரயில் ஜன்னலில் இருந்து லெச்சுமி கூப்பிட்டாள். "அண்ணே, ஒங்களுக்குள்ள என்னன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஒங்களப் பத்தி எங்கண்ணன் ஒரு வார்த்த தப்பாச் சொன்னதில்ல. யாராச்சும் கேட்டா எந்திரிச்சு வெளிய போயிரும்."

வண்டி நகர்ந்ததும் நான் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதேன். கத்தி அழுதேன். "பாவம், கூட்டாளி போறான்ல" என்று யார் யாரோ தோளைப் பிடித்தார்கள், ஒருவர் தண்ணீர் கொடுத்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் போனவனுக்கு அன்றுதான் ஊர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது. காரணம் அவர்களுக்குத் தெரியாது. இருந்தாலும் அந்தத் தண்ணீர் எனக்கென்றே கொடுத்ததுதான்.

அவனிடமிருந்து கடிதம் வந்ததில்லை. எந்த மலையில் இருக்கிறான், இருக்கிறானா என்றும் தெரியாது. எதிர் லயத்தை இடித்துக் காய்கறித் தோட்டம் போட்டுவிட்டார்கள்; நாங்கள் வெட்டிய மலையில் பாதி காடாகிவிட்டது. பிந்திய வருடங்களில் நான் பண்டாரவளைக்கு வந்துவிட்டேன். என்னைப் பற்றி நாலைந்து பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் எதிரே இருப்பவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பேன், எப்போது என்னை விட்டு ரோட்டுக்குப் போகும் என்று.

போன மாதம் அக்காவின் பேத்தி வந்திருந்தாள். "தாத்தா, நீங்க ஏன் கலியாணமே கட்டல?" என்று கேட்டாள். சொன்னேன். "அப்படியா" என்று கேட்டுக்கொண்டு, டீ போட உள்ளே போனாள். அவள் போன பிறகுதான் உறைத்தது: சொல்லும்போது நான் அவள் கண்ணைப் பார்க்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சாதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். ஐம்பது வருடத்துப் பயம் எப்போது போனதென்றே தெரியவில்லை. சந்தோசப்பட வேண்டியதுதான். ஆனால் செல்லையா எனக்கு விட்டுப்போனது அந்தப் பயம் ஒன்றுதான். அதுவும் போய்விட்டதென்று தெரிந்தபோது, அவள் டீயோடு வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.