ஷாகிர் எண்ணிய பத்து

ஷாகிருக்குச் சிம்மக்கல்லில் சின்னதாக ஒரு வீடியோ எடிட்டிங் கடை. கல்யாண வீடியோதான் பிழைப்பு, சங்கீதம் தெரியாது. ஆனாலும் ஆனையூர் கனகலட்சுமி டீச்சரின் கர்நாடக இசைப் பாடங்களுக்கு யூடியூப் தலைப்பும் விளக்கமும் இரண்டு வருடமாக அவர்தான் எழுதிவந்தார். ராகம், தாளம், எந்த நிலை மாணவருக்கு என்ற மூன்றும் இருக்க வேண்டும். "பத்தே நாளில் பாடலாம்" மாதிரி எதுவும் கூடாது. கல்யாண வீடியோவை அந்த வீட்டார் மட்டும்தான் பார்ப்பார்கள். இந்தத் தலைப்பை நம்பி ஊர் ஊராகப் பாடுகிறார்கள் என்பதில் அவருக்குப் பெருமை.

ஏழு தாளங்களில் அமைந்த அலங்காரம் என்ற பயிற்சிகள், தாளத்துக்கு ஒரு பாடமாக, வரிசையாக வந்துகொண்டிருந்தன. நான்காவதில் டீச்சர் தாளத்தின் பெயரைச் சொல்ல மறந்திருந்தார். அழைத்தால் போனும் எடுக்கவில்லை. ஷாகிர் பாட்டைக் கேட்டு ஒரு தாளச் சுற்றை எண்ணிப் பார்த்தார்: பத்து. இரண்டாவது பாடமான மட்டிய தாளமும் பத்துதான். அந்தத் தலைப்பையே ஒட்டி ஏற்றிவிட்டார்.

காலையில் டீச்சர் அழைத்தார். "ஷாகிர் அண்ணே, ஜம்பை தாளத்துக்குப் போயி மட்டியம்னு போட்டிருக்கீங்களே!"

"அதுவும் பத்து, இதுவும் பத்து டீச்சர். நான் எம்புட்டுத்தான் எண்ணுறது?"

டீச்சர் சிரித்துவிட்டார். ஆனால் விடவில்லை. "தலைப்பை இனிமே நானே எழுதி அனுப்புறேன். நீங்க எடிட்டிங் மட்டும் பாருங்க."

ஷாகிர் தலைப்பைத் திருத்தினார். மனம் கேட்கவில்லை. இரண்டு வீடியோக்களையும் ஒலியை நிறுத்திவிட்டு ஓடவிட்டார். பக்கத்துக் கடை அழகுராஜா எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, பாட்டுப் பாடத்தை ஊமையாக்கிட்ட?"

"காது ஏமாத்திருச்சு மாப்ள. கையைப் பாக்குறேன்."

தாளம் போடும் டீச்சரின் கை வேறுபாட்டைக் காட்டியது. மட்டியத்தில் நான்கு, இரண்டு, நான்கு. ஜம்பையில் ஒரு தட்டுக்குப் பின் ஆறு விரல் எண்ணி ஏழு, பிறகு ஒன்று, இரண்டு. கூட்டுத்தொகை மட்டும் தெரிந்தவருக்குத் தாளம் தெரியாது. அன்றுவரை ஷாகிருக்குத் தெரிந்தது கூட்டுத்தொகைதான்.

இரண்டு வாரம் கழித்து ஆறாவது பாடம் வந்தது. கூடவே டீச்சர் எழுதிய தலைப்பு: "மாயாமாளவகௌளை – துருவ தாளம் – தொடக்க நிலை." ஷாகிர் கையைப் பார்த்தார். ஐந்து, ஐந்து, இரண்டு, இரண்டு. முதல் பாடமான துருவத்தில் நான்கு, இரண்டு, நான்கு, நான்கு. இரண்டிலும் கூட்டினால் பதினான்கு. அவர் அழைத்தார்.

"டீச்சர், கை அஞ்சஞ்சா போகுதே. துருவம்னு எழுதியிருக்கீங்க?"

"ஐயோ, அது 'அட'ங்கிற தாளம் அண்ணே! முதல் பாடத்துத் தலைப்பைக் காப்பி பண்ணி மாத்த மறந்துட்டேன்."

"அதுவும் பதினாலு, இதுவும் பதினாலு டீச்சர்."

"போதும், போதும். தலைப்பை நீங்களே எழுதுங்க. ஏத்துறதுக்கு முன்னாடி எனக்கு ஒருக்கா காட்டிருங்க."

ஷாகிர் "அட தாளம்" என்று மாற்றினார். கீழே, யாரும் சொல்லாமலே, ஒரு வரி சேர்த்தார்: "சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் முடித்தவர்களுக்கு. முதலில் கையைப் பாருங்கள்."

டீச்சர் அந்த வரியில் கை வைக்கவில்லை.