மீதிப் பேச்சு எங்கே போயிற்று

இந்த விவகாரம் தொடங்கும் முன் விருத்தாசலத்தில் எனக்கு என்ன நிலை இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் ஆங்கில இலக்கியம் படித்து, கல்லூரியில் அதையே கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பங்குக் கோயிலுக்கு வெளிநாட்டிலிருந்தோ வடக்கிலிருந்தோ எந்தப் போதகர் வந்தாலும், அவருக்கு இடப்பக்கம் நின்று தமிழில் சொல்பவன் நானாகவே இருந்தேன். ஆயர் ஆங்கிலத்தில் பேசியபோதும் அந்த இடம் என்னுடையதே. யாரும் கேட்டு வாங்கித் தந்த இடமன்று. வேறு யாராலும் நிற்க முடியாததால் எனக்கு வந்தது.

இரண்டாயிரத்தைத் தாண்டிய சில ஆண்டுகளில், செராமிக் தொழிற்பேட்டைச் சூளைகள் எண்ணெயை விட்டு கேஸுக்கு மாறத் தொடங்கின. சூளை முதலாளிகளுக்குப் பாடம் சொல்ல வடக்கிலிருந்து ஒரு பொறியாளரை வரவழைத்தார்கள். மூன்று கூட்டங்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியும், தமிழ் தெரியாது. முதலாளிகளில் பலர் அதற்கு நேர்மாறு. சங்கச் செயலாளர், தாமே ஒரு சூளை வைத்திருப்பவர், என்னை வீட்டில் வந்து அழைத்தார்.

முதல் கூட்டம் நன்றாகவே நடந்தது. பொறியாளர் ஒரு கருத்தை முழுதாகச் சொல்லி முடித்து நிறுத்துவார். பிறகு நான் அதை முழுதாகத் தமிழில் சொல்வேன். வாக்கியத்துக்கு வாக்கியம் குறுக்கே விழும் பழக்கம் எனக்கு இல்லை. பேசுகிறவர் எங்கே போகிறார் என்று தெரியாமல் அவர் பின்னால் ஓடுவது மொழிபெயர்ப்பு அல்ல. அவர் ஒன்றையே மூன்று விதமாகச் சொன்னால் நான் ஒரே விதமாக, ஆனால் அழுத்தமாகச் சொல்வேன். தடுமாறித் திரும்பத் தொடங்கினால் அந்தத் தடுமாற்றத்தை நான் சுமக்கமாட்டேன். ஆகவே என் பேச்சு எப்போதும் மூலப் பேச்சைவிடக் குறைந்த நேரத்தில் முடியும். முடிய வேண்டும்.

மறுநாள் தொழிற்பேட்டை வாசலில் உள்ள டீக்கடையில், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் ஒருவர் சத்தமாகப் பேசினார். அவரும் எங்கள் பங்கைச் சேர்ந்தவர்தாம். ஸ்டெனோவாக வேலைக்குச் சேர்ந்து மேலாளராக உயர்ந்தவர். அதை எந்தப் பேச்சிலும் நுழைத்துவிடுவார். அவர் சொன்னதை எனக்குச் சொன்னவர்கள் பலர். எல்லாரும் ஒரே மாதிரியாகச் சொன்னதால் நம்பினேன்.

“அந்த ஆளு பேசுனதுல பாதி நேரங்கூட நம்ம சார் பேசலியே, மீதி எங்க போச்சு? வூட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாரா?”

கடையில் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். செயலாளரும் அங்கே இருந்திருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து அவர் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. “சார், தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம ஆளுங்க காசு போட்டு அவரை வரவழைச்சிருக்காங்க. ஒரு வார்த்தை வுட்டுப்போனாலும் சூளை நிறைய மாலு வீணாப் போயிடும்னு பயப்படுறாங்க. மேனேஜர் சாருக்கு ஷார்ட்ஹேண்ட் தெரியுமாம். ஒரு வார்த்தை வுடாம எழுதிக்குவேன்னு சொல்றாரு. அடுத்த கூட்டத்துக்கு அவரையே வெச்சுக்கலாம்னு...”

“அவராக வருகிறேன் என்றாரா, நீங்களாகப் போய்க் கேட்டீர்களா?” என்று கேட்டேன். போயிட்டு வரேன் சார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கோபத்தை வாசலில் கொட்டுகிறவன் அல்லன். ஆனால் அந்தச் சிரிப்பை மறக்கிறவனும் அல்லன். நான் நின்ற இடம் போனது பெரிதில்லை. நான் பேச்சைத் திருடினேன் என்ற சொல் ஊரில் நின்றுவிட்டால், இனி கோயிலிலும் என் பக்கத்தில் யாராவது சொற்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதை அனுமதிக்க முடியாது.

பங்கு மன்றத்தில் புதன்கிழமை மாலைகளில் நான் ஒரு பயிற்சி நடத்திவந்தேன். ஒருவர் ஆங்கிலப் பகுதி ஒன்றை, மேடையில் பேசுவதுபோல் நிதானமாகப் படிப்பார். இன்னொருவர் கேட்பார், வேண்டுமானால் குறிப்பு எடுப்பார். படிப்பவர் நிறுத்தியதும் தாமதமின்றித் தமிழில் முழுவதும் சொல்ல வேண்டும். மூன்றாமவர் ஒருவரை மூலப் பகுதி காதில் விழாத தூரத்தில் நிறுத்தியிருப்போம். அவர் உள்ளே வந்து தமிழை மட்டும் கேட்டு, தமக்குப் புரிந்ததைத் திருப்பிச் சொல்வார். அதை மூலத்தோடு ஒப்பிட்டால் போதும். தமிழில் சொன்னவருக்கு மூலம் விளங்கியதா, விளங்கியது நினைவில் நின்றதா என்பது ஒளிக்க முடியாமல் வெளியே வந்துவிடும். மதிப்பெண் தேவையில்லை.

அந்தப் புதன்கிழமைக்கு மேலாளரை அழைத்தேன். செயலாளரையும் அழைத்தேன். மேலாளரிடம் நான் சொன்னது இதுதான்: “உங்கள் சுருக்கெழுத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன். ஒரு சொல் விடாமல் எழுதுவீர்களாம். எங்கள் பிள்ளைகள் அதைப் பார்க்க வேண்டும். கட்டாயம் கொண்டுவாருங்கள்.”

பொய் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதைக் கொண்டுவர வேண்டும் என்பதே என் விருப்பம்.

வெளியே நிறுத்த, பள்ளித் தலைமையாசிரியையான சிஸ்டரைக் கேட்டுக்கொண்டேன். இரு மொழியும் சுத்தமாகத் தெரிந்தவர். சூளையின் உட்புறத்தை வாழ்நாளில் பார்த்திராதவர். சூளை தெரிந்த ஒருவரை நிறுத்தினால், கேட்டது உடைந்திருந்தாலும் தம் அனுபவத்தால் ஒட்டவைத்துவிடுவார். அந்த ஒட்டு மேலாளருக்குக் கிடைக்கக் கூடாது என்று நினைத்தேன்.

வந்ததும் மேலாளர், “முதல்ல சார் செய்யட்டும், நான் படிக்கிறேன்” என்றார். சரி என்றேன். சிஸ்டர் வெளியே போனார். மேலாளர் கையோடு கொண்டுவந்திருந்தது வங்கிக் கடன் விதிகளைப் பற்றிய ஒரு பகுதி, எண்களாலேயே கட்டியது. எண்ணும் பெயரும் நினைவில் நிற்காதவை. ஏனென்றால் அவற்றில் விளங்கிக்கொள்ள ஒன்றுமில்லை. அவற்றை மட்டும் தாளில் எழுதினேன். மற்றதற்கு ஓர் அம்புக்குறி, ஒரு ‘ஆனால்’, ஒவ்வொரு கருத்தும் முடியும் இடத்தில் குறுக்காக ஒரு கோடு. அவ்வளவே. சிஸ்டர் வந்ததும் சொன்னேன். ஓர் இடத்தில் நிறுத்தி, “இங்கே ஒரு வட்டி விகிதம் சொல்லப்பட்டது, அதை நான் பிடிக்கவில்லை” என்று தெளிவாகச் சொல்லிவிட்டு மேலே போனேன்.

“பார்த்தீங்களா, வுட்டுட்டாரு!” என்று மேலாளர் தொடையைத் தட்டினார்.

“விட்டதை விட்டேன் என்று சொன்னேன். இட்டு நிரப்பவில்லை” என்றேன்.

சிஸ்டர் தமக்குப் புரிந்ததைச் சொன்னார். கடன் யாருக்கு, எந்த நிபந்தனையில், எப்போது மறுக்கப்படும், எல்லாம் இருந்தன. அந்த ஒரு விகிதம் மட்டும் இல்லை. மேலாளர் தம் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார். வேறு குறை எதுவும் அவரால் எடுக்க முடியவில்லை.

பிறகு அவர் முறை. சிஸ்டர் மீண்டும் வெளியே போனார். நான் படித்தது பொறியாளர் முதல் கூட்டத்தில் பேசிய பகுதியை. அவர் பேச்சைச் சங்கம் பதிவு செய்திருந்தது; செயலாளரிடமே கேட்டு வாங்கி எழுதி வைத்திருந்தேன். நான் விழுங்கியதாகச் சொன்னார்களே, அதே பேச்சு. பொருள் எளியது: ஆர்டர் காத்திருக்கிறது என்று சூளைக் கதவைச் சீக்கிரம் திறக்கிறீர்கள். திறக்கவே கூடாது என்று சொல்லவில்லை. உள்ளே தணலின் சிவப்பு மறைந்த பிறகும் சிறிது நேரம் மூடியே வைத்திருங்கள். அந்தக் கட்டத்தில்தான் மண்ணிலுள்ள மணல்சத்து திடீரென்று சுருங்குகிறது. பிறகு தெரியும் விரிசலுக்கு பர்னர்க்காரரைத் திட்டாதீர்கள். அவர் சரியாகத்தான் சூடேற்றினார், அவசரமாக ஆறவைத்தது நீங்கள். ஃபியூஸ் கட்டை போன்ற சிறு உருப்படிகள் ஓரளவு தாங்கும், கனமான வாஷ்பேசின் தாங்காது.

மேலாளரின் பென்சில் பறந்தது. பார்க்க அழகாகவே இருந்தது. ஒரு சொல் விடவில்லை என்று நானே சாட்சி சொல்வேன். படித்து முடித்து நிமிர்ந்தேன். சிஸ்டர் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

மேலாளர் தாளைப் பார்த்தார். சுருக்கெழுத்தை வேகமாக எழுதும்போது உயிர்க்குறிகளை விட்டுவிடுவார்கள். திரும்பப் படிக்க நிதானம் வேண்டும், தட்டச்சு இயந்திரத்தின் முன் அந்த நிதானம் கிடைக்கும். பத்துப் பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கிடைக்காது. அவர் கை எழுதியபோது காது கேட்கவில்லை. எழுதிய சொற்களெல்லாம் தாளில் இருந்தன, பேச்சு மட்டும் அவரிடம் இல்லை. ஆங்கில வாக்கியத்தின் முதல் சொல்லிலிருந்து தமிழைத் தொடங்குவார். வினைச்சொல் வேண்டிய இடத்துக்கு வந்ததும் நின்று தாளில் பின்னோக்கித் தேடுவார்.

“பர்னர்க்காரரை... விரிசலுக்காக... அதாவது அவர் சூடேத்துனது... கதவைத் திறந்து... இல்ல, இருங்க... சின்ன உருப்படி...”

“மேனேஜர் சார், தண்ணி குடிங்க” என்றார் செயலாளர். கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் பின்வரிசையில் சிரித்தார்கள்.

ஒருவழியாக முடித்தார். பொறியாளர் எடுத்துக்கொண்டதைவிட இரு மடங்கு நேரம். நான் சிஸ்டரிடம் திரும்பினேன். “புரிந்ததைச் சொல்லுங்கள், சிஸ்டர்.”

அவர் தயங்கினார். “பர்னர்க்காரர் சூடேத்துறதுலதான் விரிசல் வருது. அதனால சிவப்பு மறைஞ்சதும் கதவைத் திறந்து ஆறவிடணும். பெரிய உருப்படி தாங்கும், சின்னதுதான் தாங்காது. சரிங்களா?”

செயலாளர் எழுந்தே நின்றுவிட்டார். “ஐயோ சிஸ்டர்! அப்படிச் செஞ்சா சூளையில பேசின் இருக்காது, ஒடஞ்ச ஓடுதான் இருக்கும்!”

மேலாளர் தாளை மடித்தார். நான் மெதுவாகக் கேட்டேன்: “ஒரு சொல்லும் விடவில்லையே, பொருள் எங்கே போயிற்று?”

அவர் மடித்த தாளையே மீண்டும் மடித்ததை நான் ஆற அமர அனுபவித்தேன். அதை மறைக்க வேண்டிய அவசியம் இந்த வயதில் இல்லை.

செயலாளர் என்னோடு வாசல்வரை வந்தார். “சார், அடுத்த கூட்டத்துக்கு நீங்களே வாங்க.”

“வருகிறேன். என்னைப் பற்றி எந்த டீக்கடையில் சொல்லப்பட்டதோ அந்தக் கடையில், அதே நேரத்தில், மேலாளரும் இருக்கும்போது இந்த அழைப்பை நீங்கள் சொல்ல வேண்டும்.”

“சார், பெரிய மனுஷரு, வுட்டுடுங்க...”

“நானும் பெரிய மனிதன்தான்.”

மறுநாள் சொன்னார். நான் டீ குடிக்கவில்லை. கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாம் கூட்டத்தில் பொறியாளர் பக்கத்தில் நின்றேன். மேலாளர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அன்று என் பேச்சை முன்னைவிடவும் இறுக்கிக் கட்டினேன். கருத்து ஒன்றும் குறையாமல், சொல் ஒன்றும் மிகாமல். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அவரைப் பார்த்துவிட்டே பொறியாளரிடம் திரும்பினேன். முதலாளிகள் கேட்ட கேள்விகளையும் ஆங்கிலத்தில் கொண்டுபோனேன். எந்தக் கேள்விக்கும் தவறான பதில் வரவில்லை. மூன்றாம் கூட்டத்துக்கு மேலாளர் வரவில்லை.

இப்போது ஊரில் இதை வேறு விதமாகச் சொல்கிறார்கள். நான் வேண்டுமென்றே வேகமாகப் படித்தேன் என்கிறார்கள். பிறகு பெருந்தன்மையோடு மேலாளரை மன்னித்து, நானே முன்வரிசையில் இடம் போட்டு உட்காரவைத்தேன் என்கிறார்கள். இரண்டும் தவறு. நான் படித்தது பொறியாளர் பேசிய வேகத்தில். முன்வரிசையில் நாற்காலி போட்டவர் செயலாளர். நான் மன்னிக்கவில்லை.