மேலே இருந்த தகடு

தி.நகரில் உஸ்மான் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், 'தென்றலி' கம்பெனியின் சர்வீஸ் அலுவலகம் மாடியில் இருந்தது. மிக்ஸியோ ஃபேனோ பழுதானவர்கள் மோட்டாரில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அந்தப் படத்தைப் படித்து, அசலா போலியா என்று எழுதுவது ஆஃப்ரீனின் வேலை. ஆறு வருடத்தில் அவள் கண் அதற்கென்றே பழகிவிட்டது. போலி மிக்ஸிகளின் தகட்டில், ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேல் மிக்ஸிக்கான தர எண் இருக்க வேண்டிய இடத்தில் ஃபேனுக்கான எண் அச்சாகியிருக்கும். அதன் கீழே உரிம எண்ணில் ஓர் இலக்கம் குறையும். சில சமயம் நூறு மிக்ஸிக்கும் ஒரே வரிசை எண்.

மிக்ஸியைக் கவிழ்த்தால் தகடு தெரிந்துவிடும். ஃபேனின் தகடு மோட்டாருக்கு மேல்பக்கம் இருக்கும். ஏறித்தான் எடுக்க வேண்டும்.

ஏப்ரல் மாதம் மயிலாப்பூரிலிருந்து அய்யாதுரை என்பவர் படம் அனுப்பினார். துணிக்கடையில் முப்பது வருடம் புடவை மடித்துப் போட்டு ஓய்வு பெற்றவர். வீட்டில் இருப்பது ஒரே அறை, ஒரே ஃபேன். மனைவி பேச்சியம்மாள் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. ஃபேன் சுற்றினால் கருகல் வாடை வருகிறது, வாங்கி ஏழு மாதம்தான் ஆகிறது என்று குரல் பதிவும் அனுப்பியிருந்தார்.

படம் மங்கல். ஆனாலும் ஆஃப்ரீனுக்கு ஒரு பார்வை போதுமாயிருந்தது. கம்பெனிப் பெயரின் கடைசியில் ஆங்கில 'ஐ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஒய்' இருந்தது. போலி. ஆனால் உரிம எண்ணும் வரிசை எண்ணும் படிக்கும்படி இல்லாமல் கோப்பை மூடக் கூடாது என்பது விதி. மூடினால் தணிக்கையில் திரும்பி வரும், மாதக் கடைசியில் மேனேஜர் ஸ்ரீஹரி எல்லார் முன்னாலும் பெயரைப் படிப்பார். "எண்கள் தெளிவாக இல்லை. மீண்டும் எடுத்து அனுப்பவும்" என்று அனுப்பினாள்.

இரண்டாவது படத்தில் ஃபிளாஷ் வெளிச்சம் தகட்டில் பட்டு எண்களை விழுங்கியிருந்தது. மறுபடியும் அதே வாசகம். பத்து நிமிடத்தில் மூன்றாவது படம் வந்தது. கண்ணாடி மாதிரி தெளிவு. 230 வோல்ட், 1200 மில்லிமீட்டர், உரிம எண்ணில் ஓர் இலக்கம் குறைவு, எல்லாம் தெரிந்தது. "இது எங்கள் தயாரிப்பு அல்ல" என்று எழுதி மூடிவிட்டு ஆஃப்ரீன் சாப்பிடப் போனாள்.

மறுநாள் அய்யாதுரையின் ஃபோனிலிருந்து அவருடைய மகள் தாரணி கூப்பிட்டாள். மேஜை மேல் ஸ்டூலைப் போட்டு ஏறியவர் மூன்றாவது படத்தை அனுப்பிவிட்டு இறங்கும்போது விழுந்துவிட்டார், இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்றாள். கத்தவில்லை. அதுதான் ஆஃப்ரீனுக்குத் தாங்கவில்லை.

அவள் ஸ்ரீஹரியிடம் போய்ச் சொன்னாள். அவர் கணினியிலிருந்து முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

"அது நம்ம ஃபேனே இல்லைல்ல?"

"இல்ல சார்."

"அப்போ அவரு நம்ம கஸ்டமரே இல்ல. விடு."

மாலையில் அவளாகவே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அய்யாதுரை வராண்டாவில் பாயில் கிடந்தார், கட்டில் இன்னும் கிடைக்கவில்லை. ஆஃப்ரீன் யாரென்று தாரணி சொன்னதும் எழ முயன்று முடியாமல் மறுபடி பாயில் சாய்ந்தார்.

"கடைசிப் படம் தெளிவா வந்துச்சா தாயி? மொதல்லயே ஒழுங்கா எடுத்திருக்கணும். கை நடுங்கிப் போச்சு" என்றார்.

வந்தது என்று ஆஃப்ரீன் தலையாட்டினாள்.

தாரணி அவளை வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். நொச்சிக்குப்பத்துப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் வேலை, அம்மாவையும் அப்பாவையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லாததால் அதை விடப் போவதாகச் சொன்னாள். பிறகு நின்று கேட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்குறேன். மொத போட்டோவுலயே டூப்ளிகேட்னு தெரியலையா?"

ஆஃப்ரீன் அவள் முகத்தைப் பார்த்தாள். உண்மை தெரிந்தால் இந்தப் பெண் என்ன செய்வாள், தன் வேலை என்ன ஆகும், இரண்டும் சேர்ந்தே மனதில் ஓடின.

"தெரியல மா. ரொம்ப மங்கலா இருந்துச்சு."

தாரணி நம்பினாள். இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி சொல்லி, வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல் டீ வாங்கிக் கொடுத்தாள். ஆஃப்ரீன் நின்றபடியே அதைக் குடித்தாள்.

அடுத்த வாரம் ஃபேன் படம் கேட்கும் வாசகத்தில் "எலக்ட்ரீஷியனை வைத்து எடுக்கவும்" என்று அவளாக ஒரு வரி சேர்த்தாள். அந்தச் செலவை யார் தருவது என்று வாடிக்கையாளர்கள் சண்டை பிடித்தார்கள். ஸ்ரீஹரி வரியை எடுக்கச் சொன்னார். அவள் எடுத்துவிட்டாள். அன்று பிற்பகலே அடையாறிலிருந்து ஒரு ஃபேன் தகட்டின் மங்கல் படம் வந்தது. பெயரில் ஓர் எழுத்து இடித்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மீண்டும் எடுத்து அனுப்பவும் என்று எழுதினாள்.