தொட விடுதாளா?

வேல்ராஜ் அண்ணாச்சியின் மருந்துக்கடையில் பிள்ளைக்குக் கால் வலி என்று சொல்லி ஒரு பாட்டில் தைலம் வாங்கிக்கொண்டு சட்டென்று போய்விட முடியாது. பாட்டிலைக் கையில் எடுத்துவிடுவார், கொடுக்கமாட்டார். கேள்வி ஆரம்பமாகும். ஒரு காலா, ரெண்டு காலா? ராத்திரி மட்டுமா, பகலிலும் உண்டா? காலையில் எழுந்து நொண்டுகிறாளா, ஓடுகிறாளா? வீக்கம், காய்ச்சல் உண்டா? மெலிந்துபோனாளா? எல்லாம் கேட்டுவிட்டுக் குரலை இறக்கி, கடைசிக் கேள்வி ஒன்று கேட்பார்.

"நீ தேச்சு விடும்போது தொட விடுதாளா?"

"என்ன அண்ணாச்சி, நான் தைலம் கேக்க வந்தேனா, பரீட்சை எழுத வந்தேனா?" என்று சிலர் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

என் பெயர் எமில்டா. பத்தொன்பது வருஷமாக இந்தக் கடையில் வேலை. டி.பார்ம் படித்தது நான், சுவரில் மாட்டியிருக்கும் லைசென்சில் இருக்கும் போட்டோவும் என்னுடையது. ஆனால் வருகிறவர்கள் வியாதியைச் சொல்வது அண்ணாச்சியிடம்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் இடுப்புப் பிடிப்பு, உப்பளத்துக்குப் போகிற பெண்களின் பாத வெடிப்பு, எல்லாவற்றுக்கும் அவர் கண்ணை மூடிக்கொண்டு மருந்து எடுப்பார். டோக்கன் போட்டு டாக்டரைப் பார்க்க இந்தத் தெருவில் யாருக்குப் பொறுமை இருக்கிறது? முன்பெல்லாம் "டாக்டர் அண்ணாச்சி" என்று யாராவது கூப்பிட்டால், "சும்மா கெடல" என்பார். முகத்தில் மட்டும் சந்தோஷம் வழியும். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்த நாட்களில் பிள்ளைகளின் கால் வலியில் அவர் தோற்றதே இல்லை. பகல் முழுக்க ஆட்டம் போட்ட பிள்ளை ராத்திரி கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு அழும். அம்மா பதறிப்போய் மறுநாள் ஓடிவருவாள். "வளர்ற வலி தாயி. சூடு பறக்கத் தேச்சு விடு, சரியாப் போவும்" என்பார். சரியாகவே போகும்.

அவருக்கு ஒரே மகள், முத்துமணி. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை. அவளுக்கும் ஆறு வயதில் அந்த வலி வந்தது. சில ராத்திரிகளில் இரண்டு கெண்டைக்காலும் வலிக்கிறது என்று அழுவாள். அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்து, இரண்டு காலையும் மடியில் தூக்கி வைத்துத் தேய்ப்பார். தேய்க்கத் தேய்க்கத் தூங்கிவிடுவாள். விடிந்தால் வலி இருந்த சுவடே இருக்காது, கடைக்குள் ஓடி வந்து என் நாற்காலியைச் சுற்றுவாள். எட்டு வயதில் அது தானாக நின்றுபோனது.

பன்னிரண்டு வயதில் அவள் பள்ளியிலேயே நீளம் தாண்டுவதில் முதல் ஆள். சாயங்காலமானால் தருவை மைதானத்தில்தான் கிடப்பாள், திரும்பி வரும்போது காலெல்லாம் மணல். உயரம் போதாது என்பதுதான் அவளுக்கு ஒரே கவலை. அந்த ஜூனில் மறுபடியும் கால் வலி என்றாள். அண்ணாச்சிக்குச் சந்தோஷம்.

"பழைய வலிதாம்மா. வலிச்சா நல்லது, உசரம் கூடுது பாத்துக்க."

இந்தத் தடவை வலித்தது வலது கால் மட்டும், முட்டிக்குச் சற்று மேலே. "அந்தக் காலத்தான ஊனித் தாண்டுதா, அதான்" என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். வலி மாத்திரை கொடுத்தார், கொஞ்சம் கேட்டது. ஆகஸ்டில் ஒரு ராத்திரி அவர் தேய்க்க உட்கார்ந்தபோது முத்துமணி காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். மறுநாளும் அப்படியே.

அண்ணாச்சியின் மனைவி செல்வராணி அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "வயசுக்கு வரப் போற பிள்ளை. இனிமே நீங்க தொட்டுத் தேய்க்காதிய, அவளுக்குக் கூச்சமா இருக்கும்லா."

அண்ணாச்சி வெட்கப்பட்டுப் போனார். "எம் மக பெரிய மனுஷி ஆயிட்டா எமில்டா, அப்பனத் தொட விட மாட்டேங்கா" என்று என்னிடம் சொல்லும்போது அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அன்றிலிருந்து தைலம் பாட்டிலை மகளிடமே கொடுத்துவிட்டு வேறு அறைக்குப் போய்ப் படுத்தார். செல்வராணி தேய்க்கப் போனாலும், "நானே போட்டுக்கிடுதேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் அந்த வயதுப் பெண் கதவைச் சாத்தினால் வீடே மரியாதையாக ஒதுங்கி நிற்கும். அப்படித்தான் இரண்டு மாதம் அந்தக் காலை ஒருவரும் பார்க்கவில்லை.

நான் மட்டும் ஒழுங்கா? செப்டம்பரில் ஒருநாள் காலை, பள்ளிக்குப் போகிற வழியில் கடைக்கு வந்தவள் நொண்டினாள். "என்னட்டி?" என்றேன். "ஷூ கடிக்கிக்கா" என்றாள். விட்டுவிட்டேன். வளர்ற வலி காலையில் நொண்ட வைக்காது என்று எனக்குத் தெரியாதா? படித்தவள்தானே? அன்றைக்கு மருந்துக் கம்பெனி சரக்கு வந்து இறங்கியிருந்தது, எனக்கு வேலை பெரிதாகத் தெரிந்தது. அந்தக் காலை நேரத்தை நான் சாகிற வரைக்கும் மறக்கப் போவதில்லை.

அக்டோபரில் முத்துமணி வயதுக்கு வந்தாள். வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். அண்ணாச்சி ஊருக்கெல்லாம் லட்டு கொடுத்தார். தண்ணீர் ஊற்றும்போது பெண்கள் மட்டும்தான் இருந்தோம். அவளுடைய அத்தை மஞ்சள் பூசக் குனிந்தவள், கை வலது தொடையில் பட்டதும் நிமிர்ந்தாள். முத்துமணி "அம்மா" என்று கத்தினாள்.

"ஏளா செல்வராணி, இங்கன வந்து பாரு. இந்தக் கால் என்ன இப்படி இருக்கு?"

முட்டிக்கு மேலே ஒரு பக்கம் புடைத்திருந்தது. தோல் மினுமினுவென்று இழுபட்டு, தொட்டால் சுட்டது. ஈரப் பாவாடையோடு நின்ற அந்தப் பிள்ளை, எதையோ ஒளித்து வைத்து மாட்டிக்கொண்டவளைப் போலத் தலையைக் குனிந்துகொண்டது.

மறுநாளே எலும்பு டாக்டர் ஜீவமணியிடம் போனோம். இரண்டு தொடையையும் டேப் வைத்து அளந்தார். எக்ஸ்ரே எடுத்தார். படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தன நாளா வலி?"

"ஜூன்லேர்ந்து. வளர்ற வலின்னு நெனச்சேன் டாக்டர்" என்றார் அண்ணாச்சி.

"அது பேர்தான் அண்ணாச்சி வளர்ற வலி, வளர்றதுனால வலிக்குன்னு யாரும் கண்டுபிடிக்கல. அது ரெண்டு காலும் வலிக்கும். மூட்டுலயோ எலும்புலயோ ஒரே எடத்துல நிக்காது, சதையில வலிக்கும். ராத்திரி அழுத பிள்ள காலையில ஓடும். அழுத்தித் தேச்சா சொகமா இருக்குன்னு காலைக் காட்டும். ஒரே எடத்துல வலிச்சு, நாளுக்கு நாள் கூடி, தொட விடலன்னா அது வேற."

தொட விடவில்லை என்ற வார்த்தையில் அண்ணாச்சி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

எலும்பில் புற்றுநோய். திருவனந்தபுரத்துக்குப் போனார்கள். ஒரு துளி சதையை எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. காலைக் காப்பாற்றப் பார்த்தார்கள். ஆனால் கட்டி ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தது. பிப்ரவரியில் தொடையோடு காலை எடுத்தார்கள். நுரையீரலிலும் அதற்குள் புள்ளிகள் இருந்தன.

ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள் ராத்திரி நடந்ததைச் செல்வராணிதான் எனக்குச் சொன்னாள். முத்துமணி கண் விழித்து, "அப்பா, கால் வலிக்கி" என்றிருக்கிறாள். எடுத்த கால்தான். நர்ஸ் வந்து, நரம்புக்குக் கால் போனது தெரியாது, அப்படித்தான் சில நாள் வலிக்கும் என்று மருந்து கொடுத்துவிட்டுப் போனார்.

"தேச்சு விடுங்கப்பா."

அவர் கட்டிலோரம் உட்கார்ந்தார். கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில், தட்டையாகக் கிடந்த போர்வையை மெதுவாகத் தேய்த்தார்.

"அங்கனதான்பா. இப்ப வலிக்கல. முன்ன நீங்க தேய்க்கும்போதுதான் உயிர் போயிரும்."

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"வளர்ற வலின்னு சொன்னியள்லா. வளரணும்னா பொறுத்துக்கிடணும்னு நெனச்சேன்."

முத்துமணி அதற்குப் பிறகு பத்து மாதம் இருந்தாள். கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் போய்விட்டாள். நான் மாதா கோயிலில் போய்ச் சண்டை போட்டேன். சத்தமாகவே போட்டேன், யார் திரும்பிப் பார்த்தால் என்ன?

ஜூனிலேயே கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று அண்ணாச்சி ஒருநாள் டாக்டர் ஜீவமணியிடம் கேட்டார். "காலக் காப்பாத்தியிருக்கலாமோ என்னவோ. உயிரைப் பத்தி என்னால பொய் சொல்ல முடியாது அண்ணாச்சி, தெரியாது" என்றார் டாக்டர். தெரியாது என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மனுஷன் மூன்று வருஷமாகக் கிடந்து புழுங்குகிறார்.

கடையை இரண்டு மாதம் பூட்டி வைத்திருந்தார். திறந்த பிறகுதான் இந்தக் கேள்விகள். ஆனால் அவர் யாரையும் பயமுறுத்துவதில்லை. நூற்றில் தொண்ணூற்றொன்பது பிள்ளைக்கு ஒன்றுமிருக்காது என்றுதான் ஆரம்பிப்பார். பதில் சரியில்லை என்றால் மட்டும் தைலத்தை அலமாரியில் வைத்துவிட்டு, "இன்னைக்கே டாக்டர்ட்ட காட்டிட்டு வா" என்று ஆட்டோ பிடித்துக் கொடுப்பார். போன வருஷம் காய்ச்சலோடு நொண்டிய ஒரு பிள்ளைக்கு எலும்பில் சீழ் வைத்திருந்தது அப்படித்தான் தெரிந்தது. பிழைத்துக்கொண்டது. அவரை இப்போது யாராவது டாக்டர் அண்ணாச்சி என்றால் அங்கேயே முகம் இறுகிவிடும்.

போன வாரம் ஒரு பெண் ஆறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ராத்திரி கால் வலி என்றாள். அண்ணாச்சி கேட்டார். இரண்டு காலும். ராத்திரி மட்டும். காலையில் ஓட்டம், சாப்பாடு, எல்லாம் பழையபடி. கடைசியில், "தொட விடுதாளா?" என்றார்.

"தொட விடுதாளாவா? தேய்க்கலன்னா விட மாட்டேங்கா அண்ணாச்சி."

அண்ணாச்சி கவுண்டரைச் சுற்றி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "எங்கனம்மா வலிக்கும், காட்டு பாப்பம்" என்றார். அது கூச்சமே இல்லாமல் இரண்டு காலையும் தூக்கி அவர் மடியில் போட்டது. முட்டியை மடக்கிப் பார்த்தார். எலும்போடு விரலை ஓட்டிப் பார்த்தார். கெண்டைக்காலை அழுத்தினார். பிள்ளை நெளிந்து நெளிந்து சிரித்தது.

"ஒண்ணுமில்ல தாயி. சும்மா தேச்சு விடு. நான் கேட்டதுல ஏதாவது மாறுச்சுன்னா அன்னைக்கே டாக்டர்ட்டப் போயிரணும், என்ன?" என்றார் அம்மாவிடம். சொல்லி முடித்த பிறகும் அவர் கை நிற்கவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தார்.

பிள்ளை அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டது. "தாத்தா, ஒங்க வீட்டுப் பிள்ளைக்கும் கால் வலிக்குமா?"

நான் பில் போடுவதை நிறுத்திவிட்டேன்.

"வலிச்சுதும்மா" என்றார் அண்ணாச்சி. "நான் அவகிட்ட கேக்காமயே தேச்சுட்டேன்."