சாரல் மேல் போட்ட பழி

முத்துக்குமாரசாமியைத் தென்காசியில் 'பைத்தான் மாஸ்டர்' என்றால்தான் தெரியும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் கணினி மையத்தில் நான் டேலி என்ற கணக்கு மென்பொருள் சொல்லித் தருகிறேன், அவர் பைத்தான் என்ற கணினி நிரல் மொழி. சாரல் சீசன் வந்துவிட்டால் ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு வகுப்புக்கு வருவார். வந்ததும் சாக்பீஸை எடுப்பார். கணினியைத் தொட மாட்டார்.

மனிதருக்குச் சொந்த ஊர் சிவகிரி. பழைய பைத்தான் இருந்த காலத்தில் சென்னையில் ஆறு மாதம் படித்தவர். அத்தோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டார். பிறகு எத்தனையோ மாறிவிட்டது. "பேசிக் எல்லாம் எனக்குக் கரதலப் பாடம்வே" என்பார். மனப்பாடம் செய்ததை மறுபடி ஓட்டிப் பார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. மைய உரிமையாளர் நமசிவாயம் அண்ணாச்சி, மாஸ்டர் வைக்கும் தேர்வில் முதலில் வருகிறவருக்கே அந்த வேலை என்று சொல்லிவிட்டார். மாஸ்டரிடம் படித்த ஹம்சா அதற்காகவே உழைத்தாள். கல்லூரி முடித்து வீட்டில் இருந்த பெண். அந்த வேலை கிடைக்காவிட்டால் சென்னையில் அக்கா வீட்டுக்குக் குழந்தை பார்க்க அனுப்பிவிடுவார்கள்.

தேர்வில் ஒரு கேள்வி. இன்புட் என்ற கட்டளை மூலம் இரண்டு எண்களை வாங்கி, இரண்டையும் கூட்டி அச்சிடும் நிரல். ஐந்தும் ஏழும் தட்டினால் விடை என்ன? மற்றவர்கள் எல்லாரும் பன்னிரண்டு என்று எழுதினார்கள். சிலருக்கு உண்மை தெரியும். மாஸ்டருக்குப் பிடித்த விடை எது என்பதும் தெரியும். ஹம்சா 57 என்று எழுதினாள். மாஸ்டர் முட்டை போட்டு, பக்கத்தில் சிவப்பு மையில், 'கூட்டல் கற்று வரவும்' என்று எழுதினார்.

அவள் கைப்பேசியிலேயே ஓட்டிக் காட்டினாள்.

"ஏட்டி, ஓசி ஆப்பை எங்கிட்ட காட்டுதியா? அஞ்சும் ஏழும் பன்னெண்டுன்னு எங்க வீட்டு மாடுகூட சொல்லும்" என்றார். வகுப்பே சிரித்தது. மாஸ்டர் சிரித்தால் சிரிக்க வேண்டும் என்பது மட்டும்தான் அங்கே பலரும் ஒழுங்காகப் படித்த பாடம். எனக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். தேர்வில் வந்த அந்த நிரலை மாஸ்டரே ஓட்டிக் காட்ட வேண்டும் என்று அண்ணாச்சி பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் மாஸ்டர் ஒற்றை விரலால் தட்டினார். ஐந்து. ஏழு. பெரிய திரையில் 57 வந்தது. முன் வரிசையில் யாரோ கனைத்தார்கள்.

மாஸ்டர் கலங்கவில்லை. "சாரல் நேரம் பாருங்க, ஈரம் எறங்கி கீபோர்டு ஒட்டிக்கிட்டு நிக்குது" என்றார். பெற்றோர்களும் தலையாட்டினார்கள். தலையாட்டத்தானே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்! அண்ணாச்சி மட்டும் எழுந்து, பெட்டி பிரிக்காத புதுக் கீபோர்டு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். ஐந்து. ஏழு. மறுபடியும் 57.

"என்னவே, புதுசுலயும் சாரல் அடிக்குதோ?" என்று கேட்டார் அண்ணாச்சி.

ஹம்சா எழுந்தாள். "அண்ணாச்சி, நாம என்ன தட்டுனாலும் இன்புட் அதை எழுத்தாத்தான் வாங்கிக்கிடும். எழுத்தையும் எழுத்தையும் கூட்டச் சொன்னா பக்கத்துல பக்கத்துல ஒட்டிரும். பழைய பைத்தான்ல அது எண்ணாவே வந்துரும், இப்ப நாமதான் எண்ணா மாத்தணும்" என்றவள், எண்களை வாங்கும் இரண்டு வரிகளையும் திருத்தினாள்:

a = int(input())
b = int(input())

மீண்டும் ஐந்து, ஏழு. திரையில் 12.

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் மாஸ்டர். வெட்கம் என்ற சரக்கே அந்தக் கடையில் கிடையாது.

அண்ணாச்சி ஹம்சாவின் விடைத்தாளைக் கேட்டு வாங்கினார். சிவப்பு வரியை வாய்விட்டு வாசித்தார். பிறகு சிவப்புப் பேனாவை மாஸ்டரிடம் நீட்டினார். மாஸ்டர் முட்டையை அடித்துவிட்டுப் பாதி மதிப்பெண் போட்டார். "விளக்கம் எழுதலையே" என்றார். அப்படிப்பட்ட கை அது.

"மார்க்கு எவ்வளவுனாலும் போடுங்க சார். அந்த வரிய அடிச்சிருங்க" என்றாள் ஹம்சா.

எல்லார் முன்னிலையிலும் அவர் அந்த வரியை அடித்தார். "பன்னெண்டுன்னு எழுதுனது எல்லாம் தப்பு, நீதான் முதல். சனிக்கிழமை வகுப்பு ஒனக்குத்தாம்மா" என்றார் அண்ணாச்சி. அப்போதுதான் அவள் கண் கலங்கியது.

இப்போது சனிக்கிழமை தோறும் ஹம்சா பிள்ளைகளைத் தாங்களே நிரலை ஓட்டிப் பார்க்க வைக்கிறாள். மாஸ்டரோ டீக்கடையில், "நான் சொல்லிக் குடுத்த புள்ளதாம்வே" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். கணினியை இன்றைக்கும் தொடுவதில்லை. சாரல் விழுந்தால் மட்டும் ஓடிவந்து, கீபோர்டுகளுக்கெல்லாம் துணி போர்த்திவிட்டுப் போகிறார்.