பாதிக் கோடு

அக்காவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே வேலைக்குப் போய்விட்டேன். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. பெங்களூர் ஸ்ரீராம்புரத்து எங்கள் வீட்டில் இருந்தது இரண்டு அறைதான். ஒன்றில் அம்மா அக்காவின் குழந்தையோடு படுத்திருந்தாள். பிரசவமான மூன்றாம் நாள் அக்கா போனாள். குழந்தை தங்கிவிட்டது. நான் அதை அதுவரை தூக்கவில்லை.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள் அவை. எங்கள் ஆபீஸ் பிரேசர் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது. வெளிநாட்டு நூலகங்கள் பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து அனுப்பும். கம்ப்யூட்டர் அந்தப் படங்களைப் படித்து எழுத்தாக மாற்றும். அது தப்பாகப் படித்ததைத் திருத்துவது எங்கள் வேலை. திருத்துகிற இருபது பேரில் ஒருவருக்கும் ஜெர்மன் தெரியாது. தெரிய வேண்டியதில்லை என்றுதான் எடுத்தார்கள். திரையில் இடப்பக்கம் படம், வலப்பக்கம் எழுத்து. இரண்டும் ஒன்றாக இருந்தால் போதும்.

தப்புகள் எங்களுக்குப் பழகியிருந்தன. புள்ளி வைத்த ü இரண்டு i ஆகிவிடும். Für என்பது fiir என்று நிற்கும். ஒட்டி அச்சடித்த fl சில இடங்களில் ஒரு பெரிய A ஆகிவிடும். வரிக்கடைசியில் உடைந்த வார்த்தையை, நடுவில் இருக்கும் சிறு கோட்டை எடுத்துவிட்டு ஒட்ட வேண்டும். ஆனால் அடுத்த வார்த்தை und என்றால் கோட்டைத் தொடக்கூடாது. Bäk-ker என்று உடைந்திருந்தால் ஒட்டும்போது Bäcker என்று ck போட வேண்டும். இதெல்லாம் மேஜையில் ஒட்டியிருந்த தாளில் இருந்தது. அந்தத் தாள் போதும், யோசிக்க வேண்டாம். அந்த நாட்களில் எனக்கு வேண்டியதும் அதுதான்.

எனக்கு வந்தது ஒரு பழைய ஊர்க் குடும்பங்களின் பதிவுப் புத்தகம். அதில் s என்பதை நீளமாக அச்சடித்திருந்தார்கள், பார்க்க f மாதிரியே இருக்கும். எஃப்புக்கு நடுக்கோடு இரண்டு பக்கமும் போகும். இதற்கு இடப்பக்கம் மட்டும் பாதிக் கோடு. கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் f என்றே படித்திருந்தது. பக்கத்துக்குப் பத்து இடத்தில் ftarb. ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் starb ஆக்கினேன். ஸ்பெல்செக் சிவப்புக் கோடு போட்ட மற்றவற்றையும் மாற்றி, கோப்பை அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் அது திரும்பி வந்தது.

தரம் பார்க்கிற மேடம் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆபீஸுக்குப் பக்கத்துத் தெருக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். ஆபீஸில் ஜெர்மன் படித்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

"இங்க பாரும்மா. feine Frau, feine Frauன்னு புக்கு பூரா விட்டிருக்கே."

"ஸ்பெல்செக்ல சிவப்பு வரல மேடம்."

"வராது. feineன்னும் வார்த்தை இருக்குது. உசத்தியானன்னு அர்த்தம். இங்க seine Frau, அவனோட பொண்டாட்டி. மொத்தமா மாத்தாதே, நெஜமான feineவும் இருக்கும். ஒவ்வொண்ணா படத்தப் பாரு."

பாதிக் கோடா முழுக் கோடா என்று ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் எழுந்து போகவில்லை. ஒரே வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது: seine Frau starb im Kindbett.

"இது என்ன மேடம், இவ்ளோ வாட்டி வருது?"

அவர் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அக்கா விஷயம் ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும்.

"அதெல்லாம் எதுக்கும்மா உனக்கு."

"சொல்லுங்க மேடம்."

"starbன்னா செத்துட்டா." Kindbett மேல் விரலை வைத்தார். "பிரசவத்துல. அவன் பொண்டாட்டி பிரசவத்துல செத்துட்டாள்னு போட்டிருக்குது."

"சரி மேடம்" என்று சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குப் போனேன். உள்ளே எதுவும் அசையவில்லை. என் கை மவுஸை நகர்த்துவதை வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை பெண்களையும் ஒரே கட்டளையில் திருத்தியிருந்தேன் என்பது மட்டும் தோன்றியது.

"இத வேற யாருக்கினா குடுத்துடட்டுமா? ஃபிரெஞ்சு பைல் ஒண்ணு இருக்குது."

"வேணாம் மேடம். நானே முடிச்சிடறேன்."

அன்று மீதியை மெதுவாகத்தான் செய்தேன். பல இடங்களில் அந்த வரிக்குப் பின் ஒரு சின்ன வரி இருந்தது. கேட்டேன். சிலதில் பிள்ளையும் இறந்தது என்றும், சிலதில் பிள்ளை இருக்கிறது என்றும் போட்டிருப்பதாக மேடம் சொன்னார். இருக்கிற பிள்ளையை யார் வளர்த்தார்கள் என்று போட்டிருக்கிறதா என்று கேட்டேன்.

"அதெல்லாம் எழுத மாட்டாங்கம்மா."

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா அடுப்படியில் இருந்தாள். பிள்ளை பாயில் கிடந்து அழுதுகொண்டிருந்தான். செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்த் தூக்கினேன். கழுத்தைத் தாங்கிப் பிடிக்கத் தெரியவில்லை. அம்மா ஓடிவந்து என் கையைச் சரியாக வைத்தாள். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை, பாசம் பொங்கியது என்றும் சொல்ல முடியாது. சூடாக இருந்தான், அவ்வளவுதான். தூங்கும்வரை வைத்திருந்தேன்.

கோப்பு இரண்டாவது தடவை திரும்பி வரவில்லை. அடுத்த வாரம் ஃபிரெஞ்சு வந்தது.